உங்கள் ‘நாங்கள்’ யார் யார்?

*ஐயா, படுவான்கரையில் எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் பிரதேச விவசாயக் குழுக் கூட்டத்தில், பெரும்போக வெள்ளத்தில் உடைந்த வாய்க்காலைப் பற்றி அமைப்பின் சார்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். எழுதிவைத்ததில் முக்கியமான ஐந்து வரிகள் இவை: “நாங்கள் உடைப்பை அளந்தோம். நாங்கள் மண்மூடை அடுக்கித் தண்ணீரை மறித்தோம். மதகு கட்ட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் தீர்மானித்தோம். கட்டி முடிந்ததும் பராமரிப்போம். அடுத்த விதைப்புக்கு முன் நாம் இதை முடிக்க வேண்டும்.” ‘நான்’ என்று சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று போட்டால் எனக்கே ஏதோ இடிக்கிறது. எங்கே எதைச் சொல்வது?*

தங்கச்சி, உங்களுக்கு இடிக்கிற இடம் சரியான இடம்தான். ஒரு பென்சிலை எடுத்து அந்த ஐந்து வரிகளிலும் ‘நாங்கள்’, ‘நாம்’, ‘-ஓம்’ என்று வருகிற ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். பக்கத்தில் அதற்குள் நிற்கிற ஆட்கள் யார் என்று எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் முதல் வரியில் நிற்பது நீங்கள் ஒருவர், இரண்டாவதில் மண்மூடை தூக்கியவர்கள், மூன்றாவதில் பொதுக் கூட்டத்துக்கு வந்தவர்கள், நான்காவதில் இனிமேல் வேலை செய்யப்போகிற அங்கத்தவர்கள், ஐந்தாவதில் எதிரே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர்களும் சேர்ந்த கூட்டம். ஐந்து வெவ்வேறு கூட்டங்களுக்கு ஏறக்குறைய ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். கேட்பவர் அவை எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகத்தான் எடுத்துக்கொள்வார். வரி வரியாகப் பார்ப்போம்.

முதல் வரியில் தயங்காமல் “அளந்தேன்” என்று மாற்றுங்கள். நாடாவைப் பிடித்தது நீங்கள், கொப்பியில் எழுதியதும் நீங்கள் என்றால் அது உங்கள் சாட்சியம். அந்தக் கூட்டத்தில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருப்பார், அல்லது நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பார். அளவைச் சொன்னவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த இடத்திலிருந்து அளந்தீர்கள், வாய்க்கால் அணையின் மேல்மட்டத்திலா, அடிமட்டத்திலா?” என்பதாக இருக்கும். “நாங்கள் அளந்தோம்” என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. நீங்களும் திரும்பி உங்கள் தலைவரைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு கணத்தில் அளவின்மேல் இருந்த நம்பிக்கை இறங்கிவிடும். “நான் அளந்தேன், அணையின் மேல்மட்டத்தில் 12 மீற்றர் உடைந்திருக்கிறது, வட்டவிதானை நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்” என்றால் கேள்வி நேரே உங்களிடம் வரும், பதிலும் அங்கேயே இருக்கும்.

வீட்டில் சொல்கிற பெருமைப் பேச்சு என்ற பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. எங்கள் பக்கத்தில் வயது குறைந்தவர், அதிலும் ஒரு பெண்பிள்ளை, பெரியவர்கள் முன்னால் “நான், நான்” என்று பேசினால் காதுக்கு உறைக்கத்தான் செய்யும். ஆனால் உறைக்கிற ‘நான்’ எது என்று கவனித்துப் பாருங்கள். “நான்தான் இந்த அமைப்பைத் தூக்கி நிறுத்தினேன்”, “நான் சொல்லித்தான் எல்லோரும் வந்தார்கள்” என்பவை உறைக்கும். “கணக்கு என்னிடம் இருக்கிறது, நான் காட்டுகிறேன்”, “அந்தக் கடிதத்தை நான்தான் பிந்தி அனுப்பினேன்” என்பவை யாருக்கும் உறைப்பதில்லை. முதல் வகை புகழைத் தன் பக்கம் இழுக்கிறது, இரண்டாவது வகை கேள்வியைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு அமைப்புக்காகப் பேசுகிறவருக்கு ‘நான்’ என்ற சொல் மூன்று இடங்களில் வேண்டும்: தன் கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் சொல்லும்போது, தான் தனிப்படப் பொறுப்பேற்கும்போது, அமைப்பின் முடிவிலிருந்து தன் கருத்தைப் பிரித்துக் காட்டும்போது. பத்து நிமிடப் பேச்சில் இவை நான்கைந்து இடத்துக்கு மேல் வராது. அதனால் யாருக்கும் திமிராகத் தெரியாது.

இரண்டாவது வரி மண்மூடை. அன்று இரவு அணையில் நின்றவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், உதாரணத்துக்கு, “நாங்கள் 38 பேர்” என்று எண்ணோடு சொல்லுங்கள். நிற்கவில்லை என்றால் “எங்கள் அங்கத்தவர் 38 பேர்” என்று சொல்லுங்கள். அமைப்பின் பெயரில் பேசுவதால் ‘நாங்கள்’ இலக்கணப்படி சரிதானே என்று தோன்றும். சரிதான், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் இருக்கப்போகிறவர்கள் அந்த 38 பேரில் சிலர். இருபது வருடத்துக்கு முன்னர் நானும் ஒரு அமைப்பில் செயலாளராக இருந்தேன். ஒரு கூட்டத்தில் “நாங்கள் இரவிரவாக வெள்ளத்தில் நின்று” என்று உருக்கமாகப் பேசினேன். அந்த வாரம் நான் கொழும்பில் இருந்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு மாமா தோளில் கை வைத்து, “அண்டைக்கு ராவு நீ எங்க தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. ஆனால் அதன் பிறகு நான் கூப்பிட்ட சிரமதானத்துக்கு அவரும் அவருடைய மகன்மாரும் வரவில்லை. அவருடைய உழைப்பை நான் வாயால் எடுத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் இருக்கிறது.

எண்ணிக்கையையோ ஆட்களையோ சொல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் மனதில் ஒரு மங்கலான கூட்டம்தான் வரும். “38 பேர், இரண்டு இரவு, சோறும் தேத்தண்ணியும் கொண்டுவந்தது மாதர் சங்கம்” என்றால் அவர் அந்த அணையைப் பார்த்துவிடுவார். யாரையும் விட்டுவிடாமல் சொன்னதாகவும் இருக்கும்.

மூன்றாவது வரியில் எனக்கு உறுத்துகிற சொல் ‘எல்லோரும்’. உண்மையிலேயே எல்லோருமா? மதகு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதில் வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர்களுக்கும் கடைப்பகுதியில் உள்ளவர்களுக்கும் கருத்து ஒன்றாக இருந்த ஊரை நான் பார்த்ததில்லை. கடைப்பகுதிக்காரருக்குத் தண்ணீர் கடைசியில்தான் போகிறது, அதனால் மதகு கீழே வர வேண்டும் என்பார்கள். உங்கள் கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 41 பேர் வந்து, 32 பேர் ஓம் என்று கையுயர்த்தி, 9 பேர் மாட்டோம் என்றிருந்தார்கள் என்று வைப்போம். “நாங்கள் எல்லோரும் தீர்மானித்தோம்” என்று நீங்கள் சொன்ன அந்த நிமிடமே அந்த ஒன்பதில் ஒருவர் எழுந்து, “சேர், எங்களைக் கேட்கவில்லை” என்றால் என்ன நடக்கும்? மதகைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும். “முதலில் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்” என்று கோப்பை மூடிவிடுவார்கள். எழுந்து நின்றவரைக் குறை சொல்ல முடியாது. அவரை அவருக்கு விருப்பமில்லாத ஒரு ‘நாங்கள்’ளுக்குள் இழுத்துப் போட்டது நீங்கள்.

அதற்காகப் பிளவைப் பறைசாற்றவும் தேவையில்லை. “பொதுக் கூட்டத்துக்கு 41 பேர் வந்திருந்தோம். மதகின் இடத்தைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. 32 பேரின் விருப்பப்படி அமைப்பு இந்த இடத்தைத் தீர்மானித்தது. கடைப்பகுதியில் உள்ள 9 பேரின் கவலை தண்ணீர் பற்றியது, அதையும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்” என்று பேசுங்கள். ‘வந்திருந்தோம்’ என்ற இடத்தில் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். ‘அமைப்பு தீர்மானித்தது’ என்ற இடத்தில் முடிவு ஒரு நிறுவனத்தின் முடிவாக நிற்கிறது, அதற்கு எல்லோரும் கை தூக்கியிருக்க வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு உங்களுடையது. யாப்புப்படி கூட்டம் கூடி எடுத்த முடிவுக்கு ‘அமைப்பு’ என்ற சொல்லே போதும். நிர்வாகக் குழு மட்டும் இருந்து எடுத்த முடிவு என்றால் அதையும் “நிர்வாகக் குழுவில் நாங்கள் ஏழு பேர்” என்று அப்படியே சொல்லுங்கள். குழுவின் முடிவைப் பொதுக் கூட்டத்தின் முடிவு போலக் காட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ‘நாங்கள்’ என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுப்பதால் நாக்கு வழுகிவிடுகிறது.

நான்காவது வரியில் நீங்கள் ‘நாங்கள்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு “பராமரிப்போம்” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே தமிழில் ஒரு பொறி இருக்கிறது. வினையின் முடிவே யார் என்று சொல்லிவிடுவதால் நாம் ‘நான்’, ‘நாங்கள்’ என்பதைத் தாராளமாக விட்டுவிடுகிறோம். நடந்து முடிந்ததற்கு அது பிரச்சினையில்லை. எதிர்காலத்துக்கு வந்தால் “தொடங்குவோம்”, “பராமரிப்போம்”, “பார்ப்போம்” என்பவை இரண்டு விதமாகக் கேட்கும். “நாங்கள் அதைச் செய்வோம்” என்ற வாக்குறுதியாகவும் கேட்கும், “வாருங்கள், சேர்ந்து செய்வோம்” என்ற அழைப்பாகவும் கேட்கும். நீங்கள் வாக்குறுதியாகச் சொன்னதை அவர்கள் அழைப்பாக எடுத்துக்கொள்ளலாம். அழைப்பாகச் சொன்னதை வாக்குறுதியாகக் குறித்துக்கொள்ளலாம். ஆகவே வாக்குறுதி கொடுக்கிற வரியில் ‘நாங்கள்’ என்பதை ஒருபோதும் விடாதீர்கள். அதோடு நிறுத்தாமல், அந்த ‘நாங்கள்’ளைப் பிரித்தும் சொல்லுங்கள். “ஒவ்வொரு போகமும் விதைப்புக்கு முன் எங்கள் அங்கத்தவர் இரண்டு நாள் சிரமதானம் செய்வார்கள். மதகுக் கதவின் திறப்பு வட்டவிதானையிடம் இருக்கும். செலவுக் கணக்கை நான் எழுதிவைப்பேன்.” பொதுக் கூட்டம் ஒப்புக்கொள்ளாத எதையும் அந்த வரியில் சேர்க்காதீர்கள். கூட்டறிக்கையில் குறிக்கப்போவது நீங்கள் சொன்ன வாக்கியத்தைத்தான். ஊருக்குத் திரும்பி வந்ததும் “ஆரைக் கேட்டு வாக்குக் குடுத்த?” என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

இனி ஐந்தாவது வரி. ‘நாங்கள்’ளுக்கும் ‘நாம்’ உக்கும் உள்ள வேறுபாடு நம் மொழிக்குக் கிடைத்த ஒரு பெரிய வசதி. ‘நாங்கள்’ என்றால் நானும் என்னோடு உள்ளவர்களும், கேட்கிற நீங்கள் இல்லை. ‘நாம்’ என்றால் கேட்கிற நீங்களும் உள்ளே. பழைய இலக்கணக்காரர் இதை வினைமுற்றிலேயே பிரித்துவைத்திருந்தார்கள். அம், ஆம் என்ற விகுதிகள் முன்னிலையில் இருப்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், எம், ஏம், ஓம் என்பவை அங்கே இல்லாத மற்றவரைச் சேர்த்துக்கொள்ளும் என்கிறது நன்னூல். இப்படிச் சேர்த்துக்கொள்வதற்கு ‘உளப்படுத்துதல்’ என்று பெயர். இன்றைய பேச்சில் ஓம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது, அது இரண்டு வேலையையும் செய்கிறது. அதனால்தான் முன்பு வினை செய்துவந்த வேலையை இப்போது ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பெயர்ச்சொல் செய்ய வேண்டியிருக்கிறது. நீங்கள் ‘நாம்’ என்று சொல்லும்போதெல்லாம் எதிரே இருக்கும் பிரதேச செயலாளரையும் பொறியியலாளரையும் உளப்படுத்துகிறீர்கள் என்பதை மனதில் வைத்திருங்கள்.

அவர்களை உள்ளே இழுக்கலாமா, கூடாதா என்பது அந்த வேலை உண்மையில் இரு பக்கத்துக்கும் பொதுவா என்பதில் இருக்கிறது. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வேலை முடிய வேண்டும் என்பது இரு பக்கத்துக்கும் பொதுவான கவலை. ஆகவே “மழைக்கு முன் நமக்கு இருக்கிற காலம் குறைவு” என்று தாராளமாகச் சொல்லலாம். இடத்தைப் பார்க்க வரும் நாளைக் குறிப்பதற்கும் ‘நாம்’ பொருந்தும். ஆனால் “நாம் இதை முடிக்க வேண்டும்” என்ற உங்கள் வரி உண்மையில் ஒரு கோரிக்கை. கொங்கிறீற் போட வேண்டியது அவர்கள், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியதும் அவர்கள். கோரிக்கையை ‘நாம்’ என்ற போர்வைக்குள் வைத்துக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பழகிய உத்தியோகத்தர் அதை ஒரு நல்லெண்ண வார்த்தையாக எடுத்துத் தலையாட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போவார், ஏனென்றால் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பழகாதவர், என்னை ஏன் தன்னோடு சேர்க்கிறாள் என்று முகத்தைச் சுருக்குவார். “மதகைக் கட்டித் தரும்படி உங்களிடம் கேட்கிறோம். அதற்கு எங்கள் பக்கத்தில் மண் வேலையை நாங்கள் செய்து தருகிறோம்” என்று ‘உங்களிடம்’, ‘நாங்கள்’ என்று பிரித்துக் கேளுங்கள். கேட்கிறவர் யார், கொடுக்க வேண்டியவர் யார் என்பது தெளிவாகத் தெரிந்தால்தான் அவரால் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும்.

இதைவிட மோசமானது குற்றத்தில் ‘நாம்’ போடுவது. “வாய்க்காலைத் துப்புரவு செய்வதில் நாம் எல்லோரும் கவனக்குறைவாக இருந்துவிட்டோம்” என்று பேசியவர்களைக் கேட்டிருக்கிறேன். பணிவாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் ஊர் செய்யாத வேலைக்கு உத்தியோகத்தரையும் பங்காளியாக்குகிற வாக்கியம் அது. அவர்களுக்கு அது உடனே புரியும்.

ஊருக்குள் திரும்பினால் நிலைமை தலைகீழ். பொதுக் கூட்டத்தில் அங்கத்தவர் முன்னால் நிர்வாகக் குழு “நாங்கள் உங்களுக்காகப் போய்ப் பேசினோம், நாங்கள் வாய்க்காலைக் கொண்டுவந்தோம்” என்று பேசினால், கேட்கிற அங்கத்தவர் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். அங்கே ‘நாம்’தான் சரி. நம் பேச்சில் ‘எங்கட’, ‘நம்மட’ என்ற இரண்டும் இருக்கின்றன, அவற்றை வைத்து நாக்கைச் சோதித்துப் பாருங்கள். வயல் வரம்பில் நின்று ஒரு அங்கத்தவரிடம் “எங்கட வாய்க்கால் உடைஞ்சு போச்சு” என்று சொன்னால் அவர் உங்களை ஒருமாதிரிப் பார்ப்பார், அது அவருடைய வாய்க்கால் இல்லையா? “நம்மட வாய்க்கால்” என்றால் பேச்சு தொடரும். மேடையில் எழுத்துத் தமிழுக்கு மாறும்போது இந்தக் காது மங்கிவிடுகிறது. எழுதிய வரியை ஒருமுறை பேச்சுத்தமிழுக்கு மாற்றி ‘எங்கட’வா ‘நம்மட’வா என்று கேட்டுப் பார்த்தால் திரும்பக் கிடைத்துவிடும்.

‘எமது’, ‘யாம்’ போன்றவற்றை அதிகம் போடாதீர்கள். ‘எமது அமைப்பு’ கடிதத்தில் நன்றாக இருக்கிறது, வாயில் வந்தால் விறைப்பாக இருக்கும். தனி ஒருவரைக் குறிக்க ஆசிரியர் தலையங்கத்தில் எழுதுகிற “நாம் கருதுகிறோம்” என்பதும் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு விடயம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். உங்கள் கூட்டம் மட்டக்களப்பில் தமிழில் நடக்கலாம். ஆனால் நீர் அம்பாறைப் பக்கத்திலிருந்து வருகிற வயற்கண்டங்களுக்கு மாவட்ட எல்லை தாண்டிய கூட்டங்கள் வரும். அங்கே சிங்களத்தில் மொழிபெயர்த்துத்தான் பேச்சு போகும். சிங்களத்தில் ‘அபி’ என்ற ஒரே சொல்தான், கேட்பவரைச் சேர்க்கிற ‘நாம்’ உக்கும் சேர்க்காத ‘நாங்கள்’ளுக்கும் அது ஒன்றுதான். ஆங்கிலமும் அப்படித்தான். நான் சில வருடம் இப்படிப்பட்ட கூட்டங்களில் மொழிபெயர்ப்புச் செய்தேன். ஒரு முறை ஒரு பெரியவர், “கல்லும் சீமெந்தும் வாங்குகிற செலவை நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும்” என்றார். திணைக்களம் பாதி, அமைப்பு பாதி என்பது அவர் எண்ணம். அவருடைய ‘நாம்’ உக்குள் அந்த அதிகாரியும் இருந்தார். நான் ‘அபி’ என்று சொன்னேன். அதிகாரிக்குக் கேட்டது, விவசாயிகள் தங்களுக்குள் பகிர்ந்து முழுச் செலவையும் ஏற்பதாக. மகிழ்ச்சியோடு அப்படியே எழுதிக்கொண்டார்கள். கடிதம் ஊருக்கு வந்த பிறகுதான் பிழை தெரிந்தது. திருத்தி எழுதுவிக்க ஒரு போகம் போய்விட்டது. அந்தப் பெரியவர் தெளிவாகத்தான் பேசினார், சொல்லின் உள்ளே இருந்த ஆட்களை நான்தான் அடுத்த மொழிக்குக் கொண்டுபோகவில்லை.

ஆகவே மொழிபெயர்ப்பு இருக்கிற இடத்தில் பணம், வேலை, நாள் ஆகிய மூன்றும் வருகிற வாக்கியங்களில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் எடுத்துவிட்டுப் பெயரைப் போடுங்கள். “திணைக்களம் சீமெந்து தர வேண்டும், எங்கள் அமைப்பு மணலும் ஆளும் தரும்.” இதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் குழப்ப முடியாது. முடிந்தால் அந்த வரிகளை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கூட்டம் தொடங்குமுன் மொழிபெயர்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எழுதிய பேச்சை இப்படியெல்லாம் சரிசெய்துவிடலாம். கேள்வி நேரத்தில்தான் உண்மையில் தடுமாறுவோம், ஏனென்றால் கேட்பவர் எப்போதும் “நீங்கள்” என்றுதான் கேட்பார். நம் மரியாதைப் பேச்சில் ‘நீங்கள்’ ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். “மதகுக்குப் பதிலாகக் குழாய் போட்டால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?” என்று கேட்டால் கேட்டது உங்களையா, அமைப்பையா? அவருக்கே அது தெளிவில்லாமல் இருக்கலாம். பதிலில் நீங்கள்தான் பிரிக்க வேண்டும். “குழாயைப் பற்றி அமைப்பில் இதுவரை பேசவில்லை. பேசிவிட்டுச் சொல்கிறோம்” என்பது முழுமையான பதில். அதற்கு மேல் “என் கருத்து என்னவென்றால்” என்று தொடங்குவதற்கு முன் ஒரு மூச்சு நில்லுங்கள். அமைப்பின் பிரதிநிதியாக நிற்கிறவர் சொல்கிற சொந்தக் கருத்தைக் குறிப்பெடுப்பவர் அமைப்பின் கருத்தாகத்தான் எழுதுவார், நீங்கள் எத்தனை தடவை ‘தனிப்பட்ட’ என்று சொன்னாலும். வற்புறுத்திக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். சொன்னால் முன்னும் பின்னும் வேலி போடுங்கள்: “இது நான் சொல்வது. அமைப்பு வேறு முடிவு எடுத்தால் அந்த முடிவுதான் எங்கள் முடிவு.”

குறை கேட்கிற கேள்வியும் வரும். “போன தடவை கொடுத்த காசுக்குக் கணக்கு ஏன் பிந்தி வந்தது?” பிந்தியது பொருளாளரால் என்றாலும் “பொருளாளர்தான்” என்று அந்தச் சபையில் சொல்லாதீர்கள். “நாங்கள் பிந்திக் கொடுத்தோம், இந்த முறை இன்ன திகதிக்குள் தருவோம்” என்று சொல்லுங்கள். வெளியே அமைப்பு ஒன்று, உள்ளே வந்து பொருளாளரோடு பேசிக்கொள்ளலாம். பிந்தியது உங்களாலேயே என்றால் ‘நாங்கள்’ளுக்குப் பின்னால் நிற்காமல் “நான் பிந்திவிட்டேன்” என்று சொல்லுங்கள். “கணக்கு பிந்திவிட்டது”, “அனுப்பப்படவில்லை” என்று ஆளே இல்லாத வாக்கியம் மட்டும் வேண்டாம். ஆளில்லாத வாக்கியத்தைக் கேட்டவுடன் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றிவிடும். பாராட்டு வந்தால் இதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். “நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்” என்றால் “நன்றி” என்று நிறுத்தாமல், அங்கே இருக்கிற வட்டவிதானையையோ மாதர் சங்கத் தலைவியையோ கைகாட்டிச் சொல்லுங்கள்.

உங்கள் ஐந்து வரிகளையும் நான் எழுதினால் இப்படி வரும். எண்களை உங்கள் புத்தகத்தில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். எங்கள் கமக்காரர் அமைப்பின் 64 அங்கத்தவர் சார்பில் பேச வந்திருக்கிறேன். இந்தப் பேச்சில் ‘நாங்கள்’ என்றால் அந்த 64 பேர். உடைப்பை நான் அளந்தேன். அணையின் மேல்மட்டத்தில் 12 மீற்றர் போயிருக்கிறது. உடைந்த அன்றே எங்கள் அங்கத்தவர் 38 பேர் இரண்டு இரவு நின்று மண்மூடை அடுக்கித் தண்ணீரை மறித்தார்கள். அவர்களில் சிலர் இங்கே இருக்கிறார்கள். அந்த இடத்தில் மதகு வேண்டும் என்று பொதுக் கூட்டத்தில் அமைப்பு தீர்மானித்தது. கடைப்பகுதியில் உள்ள ஒன்பது பேருக்குத் தண்ணீர் பற்றிய கவலை இருக்கிறது, அதையும் பதிவு செய்யக் கேட்கிறேன். மதகைக் கட்டித் தரும்படி உங்களிடம் கேட்கிறோம். மண் வேலையை நாங்கள் செய்து தருவோம். கட்டி முடிந்த பின் ஒவ்வொரு போகமும் விதைப்புக்கு முன் இரண்டு நாள் சிரமதானத்தில் நாங்களே துப்புரவு செய்வோம், கணக்கை நான் வைத்திருப்பேன். மழைக்கு முன் நமக்குக் காலம் குறைவு. இடத்தைப் பார்க்க வரும் நாளை இன்றே நாம் குறித்துக்கொள்ளலாமா?”

‘நாம்’ கடைசியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் செய்தது என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டையும் பிரித்துச் சொன்ன பிறகுதான் சேர்த்து அழைக்கிறீர்கள். தொடக்கத்திலேயே ‘நாம்’ என்று கூப்பிட்டால் எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

போகிறதற்கு முதல் நாள் இதை இரண்டு மூன்று பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதில் ஒருவர் அந்தக் கடைப்பகுதி ஒன்பது பேரில் ஒருவராகக் கட்டாயம் இருக்க வேண்டும். ‘நாங்கள்’ வருகிற இடத்தில் தான் அதற்குள் இல்லை என்று தோன்றினால் கையைத் தூக்கச் சொல்லுங்கள். கை எழும்பிய வரியை அன்று இரவே மாற்றிவிடுங்கள்.